கைகளில் நிற்கும்போது திருத்தம் எங்கிருந்து வர வேண்டும்: வயிறா, தோளா, விரலா?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31, எடை 58 கிலோ. ஓராண்டாக வீட்டில் தனியாக ஹேண்ட்ஸ்டாண்ட் பழகி வருகிறேன். சுவரில் குதிகால்களைச் சாய்த்துக்கொண்டால் ஒரு நிமிடம் நிற்க முடிகிறது, ஆகவே கைவலு போதவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சுவரை விட்டு நடுக்கூடத்தில் காலை உதறி ஏறினால் மூன்று நொடி, மிஞ்சினால் நான்கு நொடிதான். பெரும்பாலும் முதுகுப் பக்கமாகச் சாய்ந்து, உடம்பைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுகிறேன்.

ஒருவர் வயிற்றை இறுக்கு என்கிறார், இன்னொருவர் தோளைத் தள்ளு என்கிறார், மூன்றாமவர் எல்லாம் விரலில்தான் இருக்கிறது என்கிறார். மூன்றையும் ஒரே நேரத்தில் நினைக்கப் போனால் நினைத்து முடிப்பதற்குள் விழுந்துவிடுகிறேன். சாயும் அந்தக் கணத்தில் உண்மையில் எந்த மூட்டு வேலை செய்ய வேண்டும்? எங்கள் வீட்டுத் தரை பாலிஷ் போட்ட கருங்கல் என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

காலை5மணி (தருமபுரி)

நான் இருபது ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். முழங்கைகளைத் தோளின் அகலத்துக்கு வைத்து, விரல்களைக் கோத்து, உச்சந்தலையைத் தரையில் ஊன்றி, எடையில் பெரும்பகுதியை முன்கைகளுக்குக் கொடுத்துவிட்டால் பத்து நிமிடம்கூட அசையாமல் இருக்கலாம். நீங்கள் தலையில் அதிக எடையைக் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மாந்தோப்பு

ஐயா, நீங்கள் சொல்வது சிரசாசனம். நான் கேட்பது தலை தரையில் படாமல், கைகளை நீட்டி, உள்ளங்கைகளில் மட்டும் நிற்பதைப் பற்றி.

காலை5மணி

அவசரத்தில் படித்துவிட்டேன், மன்னிக்கவும். அதை நான் முயன்றதில்லை. ஆனாலும் தலைகீழாக நிற்கும் பழக்கம் இரண்டுக்கும் பொதுவானதுதானே?

இரும்புக்கம்பி (கிருஷ்ணகிரி)

இதில் குழப்பமே இல்லை. உடல் தளர்ந்திருப்பதுதான் காரணம். பிட்டத்தை இறுக்குங்கள், விலா எலும்புகளை உள்ளே இழுங்கள், தொடைகளை ஒட்டிப் பாதங்களை நீட்டுங்கள். உடல் ஒரே கம்பியாகிவிட்டால் ஆடுவதற்கு மூட்டே இருக்காது. ஆடாத பொருள் விழாது. நான் தரையில் மல்லாந்து படுத்து, கைகால்களைச் சற்றே உயர்த்தி உடலை இறுக்கும் பயிற்சியை மட்டும் இரண்டு மாதம் செய்தேன். அதன் பிறகுதான் நிற்க முடிந்தது.

அரூர்ப் பயிற்சியாளர் (அரூர்)

தம்பி மாந்தோப்பு கேட்டிருப்பது நல்ல கேள்வி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதலில் இரும்புக்கம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஆனால் ஒரு கடப்பாரையை நட்டுக்குத்தலாக நிறுத்திக் கையை எடுத்துப் பாருங்கள். அதைவிட இறுக்கமான பொருள் ஏது? அது விழத்தான் செய்கிறது. இறுக்கம் உடலை ஒரே துண்டாக்கும், அவ்வளவுதான். அந்தத் துண்டை நேராக்கும் விசை வேறோர் இடத்திலிருந்து வந்தாக வேண்டும்.

அந்த இடம் மணிக்கட்டு. கால்களில் நிற்கும்போது நாம் அறியாமலே கணுக்கால் ஓயாமல் வேலை செய்கிறது. சற்று முன்னால் சாய்ந்தால் கால்விரல்கள் தரையை அழுத்துகின்றன, சாய்வு குறைந்ததும் விடுகின்றன. கைகளில் நிற்கும்போது அதே வேலையை மணிக்கட்டும் விரல்களும் செய்கின்றன. ஆனால் பாதத்தில் கணுக்காலுக்குப் பின்னாலும் குதிகால் என்று கொஞ்சம் இடம் இருக்கிறது. கையில் மணிக்கட்டுக்குப் பின்னால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. விரல் பக்கம் ஒரு சாண் இடம், மறுபக்கம் வெறும் விளிம்பு. இந்த ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

முதுகுப் பக்கம் சாய்வது என்றால் விரல் பக்கம் சாய்வது. அதை விரல்கள் அழுத்தித் திருத்த முடியும். கால் வந்த வழியே திரும்பி இறங்குவது மணிக்கட்டுப் பக்கம் சாய்வது. அங்கே விரல்களால் செய்யக்கூடியது அழுத்தத்தை விடுவது ஒன்றுதான். விட்டும் போதவில்லை என்றால் தோள்கள் விரல்களுக்கு மேலாக நகர வேண்டும், அல்லது முழங்கை மடங்க வேண்டும். இரண்டும் களைப்பூட்டும் வேலை. ஆகவே தேர்ந்தவர்கள் எடையைச் சரியாக மணிக்கட்டின் மேல் நிறுத்துவதில்லை. சற்று விரல் பக்கமாகவே நிறுத்தி, விரல்களில் எப்போதும் ஓர் அழுத்தம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அழுத்தம் ஏற்கெனவே இருந்தால்தான் அதைக் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கைப்பேசியைத் தரையோடு வைத்து, பக்கவாட்டிலிருந்து, கைகள் நன்றாகத் தெரியும்படி ஐந்து முயற்சிகளைப் பதிவு செய்யுங்கள். கால்களைப் பார்க்காதீர்கள், விரல் நுனிகளைப் பாருங்கள். அவை எப்போது வெளுக்கின்றன என்று சொல்லுங்கள்.

இயற்பியல் பாடவேளை (பாலக்கோடு)

ஐயா சொன்னதை எண்களில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்க முடியவில்லை. தம்பியின் எடை 58 கிலோ, ஒரு கைக்கு 29 கிலோ. உள்ளங்கையின் அடிப்பகுதி ஒரு தாங்குபுள்ளி என்றும், அதிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கும் விரல் நுனிகள் இன்னொரு தாங்குபுள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். எடை மணிக்கட்டிலிருந்து 3 செ.மீ. விரல் பக்கம் விழுந்தால், 15-இல் 3 பங்கு, அதாவது ஒவ்வொரு கையின் விரல்களும் ஏறத்தாழ 6 கிலோவைத் தாங்க வேண்டும். உடல் மேலும் 1 செ.மீ. சாய்ந்தால் இன்னொரு 2 கிலோ சேரும். ஆனால் இந்த 8 கிலோ சாய்வுக்கு ஈடு கொடுக்க மட்டுமே போதும். உடலைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் அதற்கு மேலும் அழுத்த வேண்டும், 10 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரத் தொடங்கியதும் உடனே குறைக்கவும் வேண்டும், இல்லையென்றால் மறுபக்கம் போய்விடும்.

இதைவிட முக்கியமானது நேரம். தலைகீழாக நிற்கும் மனித உடலின் எடை மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்துக்கு, நகரத் தொடங்கிவிட்ட சாய்வு சுமார் கால் நொடிக்கு ஒருமுறை இருமடங்காகிறது. 1 செ.மீ. சாய்வு முக்கால் நொடியில் 8 செ.மீ. ஆகிவிடும். உணர்ந்ததும் நரம்புவழிச் செய்தி போய்த் தசையில் விசை எழுவதற்கே ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. ஆகவே விழுகிறோம் என்று மனத்தில் சொல்லிக்கொண்டு திருத்துபவருக்கு நேரமே இல்லை. மூன்று இடங்களையும் நினைத்து முடிப்பதற்குள் விழுந்துவிடுவதாகத் தம்பி எழுதியது வேடிக்கைக்காக இருக்கலாம், ஆனால் கணக்கும் அதையே சொல்கிறது.

அரூர்ப் பயிற்சியாளர்

கணக்கு அழகாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: எடை இரண்டு புள்ளிகளில் மட்டும் இறங்குவதில்லை. விரல்களின் அடியில் இருக்கும் மேடுகளும் நிறையத் தாங்குகின்றன. அந்த மேடுகள் வரை அழுத்தம் எளிதாகப் போகும். அதைத் தாண்டி நுனிக்குப் போகும்போதுதான் முன்கைத் தசை எரியத் தொடங்கும். புதிதாகப் பழகுபவருக்குக் கையில் இடம் மீதம் இருக்கும், அதைப் பயன்படுத்தும் வலு முதலில் தீர்ந்துவிடும்.

இயற்பியல் பாடவேளை

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் என் 6 கிலோ என்பது மேடுகளும் நுனிகளும் பகிர்ந்துகொள்ளும் சுமை. எவ்வளவு எங்கே என்பதைத் தராசு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் வீட்டுச் சமையல் தராசு 5 கிலோவோடு நின்றுவிடுகிறது.

ஓசூர்வாசி (ஓசூர்)

இடையில் என் நிலையையும் சொல்ல வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஸ்கூட்டரில் விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இப்போது அந்தக் கை பின்னால் முழுவதும் மடங்குவதில்லை. மற்ற கை செங்கோணத்துக்கு அருகில் வருகிறது, இது அதில் முக்கால் பங்குதான். உள்ளங்கையைத் தரையில் வைத்து நின்றால் மணிக்கட்டின் மேல்பக்கம் குத்துகிறது. அதனால் தரையில் வைக்கும் சிறிய கட்டைக் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதில் பதினைந்து நொடிகூட நிற்க முடிகிறது. இது ஏமாற்று வேலையா? விரல்களைப் பற்றி ஐயா சொன்னது கைப்பிடிக்கும் பொருந்துமா?

அரூர்ப் பயிற்சியாளர்

ஏமாற்று வேலை இல்லை, அம்மா. ஆனால் வேலை மாறுகிறது. கைப்பிடியைப் பற்றும்போது மணிக்கட்டு ஏறக்குறைய நேராக இருக்கும், பிடியை இரண்டு பக்கமும் முறுக்கலாம். தரையில் விரல் பக்கம் மட்டுமே கிடைக்கும் திருத்தம் அங்கே இரு பக்கமும் கிடைக்கிறது. அதனால்தான் உங்களுக்கு நேரம் கூடுகிறது. தரைக்கு வர விரும்பினால் உள்ளங்கையின் அடிப்பகுதி உயர்ந்தும் விரல்கள் தாழ்ந்தும் இருக்கும்படி ஒரு சரிவுப் பலகை செய்துகொள்ளுங்கள். மடக்கம் குறையும். குத்தும் வலி மறுநாளும் தொடர்ந்தாலோ விரல்கள் மரத்துப்போனாலோ நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு முறிவு நேர்ந்த கை என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மாந்தோப்பு

ஐந்து முயற்சிகளைப் பதிவு செய்தேன். கைப்பேசி நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது, ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். ஒரு முயற்சியை மட்டும் விவரிக்கிறேன், மற்றவையும் ஏறக்குறைய அப்படியே. கால்கள் செங்குத்துக் கோட்டைத் தாண்டும் படத்தை எண் 0 என்று கொள்கிறேன். அப்போது என் விரல்கள் தட்டையாக, சாதாரண நிறத்தில், ஏதோ மேசை மேல் வைத்த கைபோல இருக்கின்றன. 10-ஆவது படத்தில்தான் நுனிகள் வெளுக்கின்றன. 16-ஆவது படத்தில் ஒரு கை தரையை விட்டு எழுகிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. விரல்கள் அழுத்தும்போது பளபளப்பான கல்லில் அரை விரற்கடை பின்னால் வழுக்கி வருகின்றன. முதுகும் வில்போல வளைந்திருக்கிறது. இதைத்தான் இரும்புக்கம்பி சொன்னார் என்று நினைக்கிறேன்.

இயற்பியல் பாடவேளை

10 படம் என்றால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் சாய்வு இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும். நீங்கள் அழுத்தத் தொடங்கியபோது தேவைப்பட்ட விசை, தொடக்கத்தில் தேவைப்பட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அரூர்ப் பயிற்சியாளர்

இப்போது நோய் தெரிந்துவிட்டது. விரல் வலு குறைவா என்பது பிறகு. விரல் தாமதமாக வருகிறது, அதுவே முதல் குறை. கால் மேலே வரும்வரை காத்திருந்து அழுத்தக் கூடாது. கையை ஊன்றும்போதே விரல்களை அகல விரித்து, நடு மூட்டுகள் தரையிலிருந்து சற்றே எழும்படி வளைத்து, நுனிகள் தரையைப் பற்றியிருக்க வேண்டும். தட்டையான விரல் முதலில் வளைந்து பிறகுதான் அழுத்தும், வளைந்திருக்கும் விரல் உடனே அழுத்தும்.

தரையைப் பற்றி: வழுக்கும் கல் விரல் வேலைக்கு எதிரி. வியர்வை பட்டால் சொல்லவே வேண்டாம். மெத்தையில் பழகலாமே என்று நினைக்காதீர்கள். அதில் நுனிகள் புதைந்து, அழுத்தம் தரைக்குப் போய்ச் சேருவதற்கே நேரமாகும். மொட்டைமாடியின் சிமென்ட் தரை, அல்லது நகராமல் வைத்த ஒட்டுப்பலகை நல்லது.

இப்போது வளைந்த முதுகு. மல்லாந்து படுத்து, கீழ் முதுகும் விலாவும் தரையை விட்டு எழாமல், முழங்கையை மடக்காமல் கைகளைத் தலைக்கு மேல் கொண்டு போங்கள். மணிக்கட்டுகள் தரையைத் தொடுகின்றனவா? தொடவில்லை என்றால் எவ்வளவு இடைவெளி?

மாந்தோப்பு

தொடவில்லை. மனைவி அளவுகோல் வைத்துப் பார்த்தாள், 9 செ.மீ. இடைவெளி. முதுகைத் தூக்கினால் உடனே தொட்டுவிடுகிறது.

அரூர்ப் பயிற்சியாளர்

அப்படியானால் உங்கள் வளைவு வயிற்றில் தொடங்கவில்லை, தோளில் தொடங்குகிறது. தோள் முழுவதும் திறக்காததால் மார்புக்கூடு சாய்ந்தே நிற்கிறது. கால்களைக் கைகளுக்கு நேர் மேலே கொண்டுவர முதுகு வளைந்துதான் ஆக வேண்டும். வயிற்றை மட்டும் இறுக்கினால் வளைவு போகும், ஆனால் கால்கள் மணிக்கட்டுப் பக்கம் போய்விடும்.

இரும்புக்கம்பி

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இறுக்கம் இல்லாமல் விரல் மட்டும் என்ன செய்யும்? நான் தளர்ந்து நின்ற காலத்தில் விரலை எவ்வளவு அழுத்தினாலும் கால்கள் தம் போக்கில் போய்க்கொண்டிருந்தன.

அரூர்ப் பயிற்சியாளர்

உங்கள் பாதி சரி என்று சொன்னது இதைத்தான். விரல் கொடுக்கும் விசை மணிக்கட்டு வழியாகத் தோளுக்கும், இடுப்புக்கும், பாதத்துக்கும் போய்ச் சேர வேண்டும். இடுப்பு தளர்ந்திருந்தால் உடற்பகுதி திரும்பும், கால்கள் பின்தங்கும். பின்தங்கிய கால்கள் பிறகு தம் பங்குக்கு உடலை ஆட்டும். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கிய கம்பியாவதும் வேண்டாம். அப்படி நிற்கும் பிள்ளைகளுக்குக் கையில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. என் கணக்கில், சிறு மூச்சு விட்டபடி எண்ணிக்கை சொல்ல முடிகிற அளவு இறுக்கம் போதும்.

தோளுக்கு ஒரே ஒரு கட்டளை: தரையைத் தள்ளி, தோள்பட்டை காதைத் தொடும்படி உயருங்கள். தளர்ந்து அமுங்கிய தோள் தானே ஓர் ஆடும் மூட்டாகிவிடும்.

பயிற்சி இது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, விரல்கள் சுவரை நோக்கும்படி கைகளை ஊன்றி ஏறுங்கள். குதிகால்கள் சுவரில் மெல்லச் சாய்ந்திருக்கட்டும். இப்போது காலால் சுவரை உதைக்காமல், விரல் நுனிகளை அழுத்தி மட்டும் குதிகால்களைச் சுவரிலிருந்து பிரியுங்கள். இரண்டு விரற்கடை பிரிந்தால் போதும். உடனே அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, மறுபடி சுவருக்குப் போகவிடுங்கள். ஒரு முறைக்கு ஐந்து தடவை, நாளுக்கு நான்கு முறை. குதிகால் சட்டென்று பிரிந்தால் காலால் உதைத்திருக்கிறீர்கள், தேன் வழிவதுபோல மெதுவாகப் பிரிந்தால் விரல் வேலை செய்திருக்கிறது.

ஓசூர்வாசி

பார்வை எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே?

இரும்புக்கம்பி

தலையை உள்ளே வைத்து எதிர்ச்சுவரைப் பார்க்க வேண்டும். தலையைத் தூக்கினால் முதுகு வளையும்.

அரூர்ப் பயிற்சியாளர்

நான் இரண்டு கைகளுக்கும் நடுவே, விரல் நுனிகளின் கோட்டில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்கிறேன். கழுத்தைவிடக் கண்ணே அதிகம் திரும்ப வேண்டும். கண்ணை மூடச் சொன்னால் என் பிள்ளைகளில் நன்றாக நிற்பவர்கள்கூட வெகு சீக்கிரம் இறங்கிவிடுகிறார்கள். அசையாத ஒரு புள்ளி கண்ணுக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தே அருமையாக நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன் என்பதால் இதில் உங்களோடு மல்லுக்கு நிற்க மாட்டேன்.

இரும்புக்கம்பி

நானும் நிற்கிறேன், எதிர்ச்சுவரைப் பார்த்துத்தான். என் கருத்தில் மாற்றமில்லை.

மாந்தோப்பு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மொட்டைமாடியில், வெயில் ஏறுவதற்கு முன் பழகுகிறேன். முதல் வாரம் முழுவதும் குதிகால் சட்டென்றுதான் பிரிந்தது. காலால் உதைக்கிறேன் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. இரண்டாம் வாரத்தில், உதைக்காமல் பிரியும்போது முன்கையின் உட்புறம் எரியத் தொடங்கியது. நேற்று சுவரில்லாமல் 11 நொடி நின்றேன். பதிவில் பார்த்தால், கால் செங்குத்துக்கு வருவதற்கு முன்பே நுனிகள் வெளுத்திருக்கின்றன. தோள் இடைவெளி மட்டும் 8 செ.மீ., பெரிதாகக் குறையவில்லை.

ஆனால் இப்போது எதிர்ப்பக்கம் விழுகிறேன். பத்துக்கு ஏழு முறை கால் வந்த வழியே இறங்கிவிடுகிறது, அதற்கு முன் முழங்கை தானாக மடங்குகிறது.

காலை5மணி

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் சுவரோரமாக முயன்றேன். என் இருபது ஆண்டு சிரசாசனம் இங்கே ஏன் உதவவில்லை என்று இப்போது புரிகிறது. அங்கே முழங்கைகளும் தலையும் முக்காலியாக நிற்பதால் விரலுக்கு வேலையே இல்லை.

அரூர்ப் பயிற்சியாளர்

தம்பி, அது எதிர்பார்த்ததுதான். முன்பு தாமதமாக அழுத்தினீர்கள், இப்போது அழுத்திவிட்டு விட மறக்கிறீர்கள். விரல்கள் 10 கிலோவைக் கொடுத்துவிட்டு, உடல் திரும்பத் தொடங்கிய பிறகும் 10 கிலோவிலேயே நின்றால் அது உங்களை மணிக்கட்டின் விளிம்புக்குத் தள்ளிவிடும். முழங்கை மடங்குவது அந்த விளிம்பில் உடல் தேடும் கடைசி வழி. மடங்கட்டும், இப்போதைக்குத் தடுக்க வேண்டாம். அதே சுவர்ப் பயிற்சியில், குதிகால்களைப் பிரித்த பிறகு உடனே திரும்பவிடாமல், அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, சுவருக்கும் போகாமல் இந்தப் பக்கமும் இறங்காமல் இரண்டு நொடி வைத்திருக்க முயலுங்கள்.

இயற்பியல் பாடவேளை

10 கிலோ வரை காட்டும் தராசு ஒன்றைப் பக்கத்து மளிகைக் கடையில் இரவல் கேட்டிருக்கிறேன். அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை உள்ளங்கைக்குக் கீழே வைத்தால் விரல் நுனியின் பங்கு தெரிந்துவிடும். தம்பி, ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டுக்கு வர முடியுமா? எனக்குச் சுவரோரம்கூட நிற்க வராது.